முன்கூட்டியே விடுவிக்க வேண்டி

மிலிந்த் சாப்ளேக்கு அந்தக் கம்பெனி சம்பளம் கொடுத்தது புரோகிராம் எழுதுவதற்கு. ஆனால் அவன் பெயர் வாங்கியது மெயில் எழுதுவதில்தான். சாங்லியிலிருந்து வந்து புனே ஹிஞ்சவடியில், கம்பெனியின் வாடிக்கையாளரான ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரரின் வேலையில் உட்கார்ந்தவன், கல்யாணம் ஆகி, தலை முன்பக்கம் வெளுத்து, இன்னும் அதே தளத்தில்தான் இருந்தான். சம்பள உயர்வு கேட்க, லீவு கேட்க, சண்டை போட்டதற்கு வருத்தம் தெரிவிக்க, எல்லோரும் அவனிடம்தான் வந்தார்கள். ராஜினாமா என்றால் கேட்கவே வேண்டாம். அவன் எழுதிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு வெளியே போனவர்களை ஏற்றினால் ஒரு பஸ் நிறையும். எழுதியவன் மட்டும் பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிடுவான்.

போவது அங்கே அவ்வளவு லேசில்லை. ராஜினாமா கொடுத்தால் மூன்று மாதம் இருந்து கழித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதே கம்பெனி ஆள் எடுக்கிற விளம்பரத்தில், 'உடனே சேரக்கூடியவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் போடும். உலகத்தில் மற்ற கம்பெனிகள் எல்லாம் ஆட்களைக் கேட்ட மறுநாளே விட்டுவிட வேண்டும், தான் மட்டும் விடமாட்டேன் என்பதில் அதற்கு ஒரு கூச்சமும் கிடையாது. நடுவில் விடுவிப்பது மேலாளரின் விருப்பம். அவர் தலையாட்டாமல் நாமாகக் கிளம்பினால் விடுவிப்புக் கடிதம் வராது. அது இல்லாமல் அடுத்த கம்பெனி வாசலிலேயே நிறுத்திவிடும்.

அந்த வருஷம் கணபதி விழா முடிந்த கையோடு மிலிந்தும் துணிந்துவிட்டான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கடைசிச் சுற்றுப் பேச்சும் முடிந்திருந்தது. கடிதம் இந்த வாரம், இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடிதம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த வட்டாரத்து வழக்கம். பெண்டாட்டிக்கே பாதிதான் தெரியும்.

அந்த வாரம்தான் பக்கத்து இருக்கை ஷர்வரி கோர்டே செல்போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். அவளுக்கு நாக்பூரில் வேலை கிடைத்திருந்தது. புருஷனும் சின்னப் பெண்ணும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். புதுக் கம்பெனி ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்காது. மேலாளர் பராக் நிம்கருக்கு அனுப்ப அவள் ஒன்று தட்டி வைத்திருந்தாள்:

"பராக் சார், ஒரு சின்ன ஹெல்ப் ப்ளீஸ். சொந்தக் காரணம் சார். மூணு மாசமெல்லாம் ரொம்ப ஓவர் சார், போன வருஷம் ரோஹனை ஒரு மாசத்துல விட்டீங்கல்ல. அங்க ரொம்ப நெருக்குறாங்க. ப்ளீஸ் சார், கொஞ்சம் பாத்து பண்ணுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

மிலிந்த் அதைப் படித்துவிட்டு, தின்றுகொண்டிருந்த வட பாவைக் கீழே வைத்தான்.

"ஏம்மா, இது விடச் சொல்லிக் கேக்குற மாதிரியா இருக்கு? பஸ்ல ஜன்னல் சீட்டு கேக்குற மாதிரி இருக்கு. ரோஹன் பேரை எதுக்கு இழுக்குற? அவரு செஞ்ச நல்லதை அவர்கிட்டயே குத்திக் காட்டுனா அடுத்தவனுக்குச் செய்வாரா?"

உடனே வேலையில் இறங்கினான். முதலில் எந்தத் தேதியில் விடுபட வேண்டும் என்பது. பிறகு காரணம், ஒரே வரியில், குடும்பம் நாக்பூரில் இருக்கிறது என்று. நெருக்குகிறார்கள் என்பதை எடுத்தான், அது அவர்கள் பாடு. அவள் பார்க்கும் வேலை எதுவரை முடிந்திருக்கிறது, மீதி எப்போது முடியும், யாரிடம் ஒப்படைப்பாள், குறைகிற நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று வரிசையாக அடுக்கினான். ஒப்படைக்கும் ஆள் என்று, புதிதாக வந்திருந்த தேஜஸின் பெயரைப் போட்டான். ப்ளீஸ் ஒன்றே ஒன்று, கடைசியில்.

பராக் அவளைக் கூப்பிட்டு, மெயில் பிரமாதம் என்றார். விட முடியாது என்றார். பிடிக்கிற சம்பளம் கம்பெனிக்குப் போகுமே தவிரத் தன் பிரிவின் கணக்கில் சேராதாம். ஷர்வரி உட்காரும் நாற்காலிக்கு இன்சூரன்ஸ்காரர் மாதாமாதம் கட்டணம் கொடுக்கிறார். வருஷக் கடைசி ஓட்டத்தை, அதாவது வருஷ முடிவில் எல்லாப் பாலிசிக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஓட்டி முடிப்பதை, ஒரு தடவையாவது பார்த்தவர் அதில் உட்கார்ந்தால்தான் கொடுப்பார். தேஜஸ் பாலர் பள்ளி.

திரும்பி வந்த ஷர்வரி அழவில்லை. பெண் தினமும் போனில், எந்த ரயிலில் வருகிறாய் என்று கேட்பதை மட்டும் சொன்னாள்.

மிலிந்த் மெயிலை மறுபடி திறந்தான். கோளாறு எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. அவளுக்கு ஏன் போக வேண்டும் என்றுதான் அது முழுக்கப் பேசியது. அவள் போனால் பராக்குக்கு ஏன் நஷ்டமில்லை என்பதைப் பேச வேண்டும். எல்லாவற்றையும் புரட்டிப் போட்டு எழுதினான். வாதம் கச்சிதமாக வந்தது. நடுவில் ஒரு பெயருக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"உன் பேரைப் போட்டா ஒத்துக்குவாரா?" என்றாள் ஷர்வரி, ஒன்றும் தெரியாமல்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பெங்களூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மேல் இரக்கமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பாதிக்கு மேல் கர்வம்தான் என்பது என் கட்சி. ஒரு நல்ல பத்தியில் ஓட்டையை விட்டு வைக்க இந்த மனுஷனால் முடியவில்லை. தன் கையாலேயே அடைத்தான்:

"என் பொறுப்பை மிலிந்த் சாப்ளே முழுமையாக ஏற்பார். அவருடைய தற்போதைய பணியை, அவரது மேற்பார்வையில் தேஜஸ் கவனிப்பார். வருஷக் கடைசி ஓட்டம் வரை மிலிந்த் இருப்பதால், இரண்டு இருக்கைகளிலும் எந்தத் தடங்கலும் நேராது."

பராக் கேட்டதற்கு இன்சூரன்ஸ்காரர் மறுநாளே சரி என்று எழுதிவிட்டார். பராக்கும் தேதி போட்டு ஒப்புதல் கொடுத்தார். ஷர்வரிக்குக் கேக் வெட்டினார்கள். அவள் மிலிந்தின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வாரா வாரம் தள்ளிக்கொண்டே போன பெங்களூர்க் கடிதம், அவள் போன அடுத்த வாரம் வந்தது. மிலிந்த் ராஜினாமா கொடுத்தான். ஒரு மாதத்தில் விடச் சொல்லித் தனக்காகவும் ஒன்று எழுதினான். இதுவரை எழுதியதிலேயே சிறந்தது அதுதான், சந்தேகமில்லை. பராக் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்தார். லேப்டாப்பைத் திறந்து, ஷர்வரியின் மெயிலில் அந்த மூன்று வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"யாருப்பா எழுதுனது இது?"

"ஷர்வரி, சார்."

"ஷர்வரிக்கு ஒரு வரியில ரெண்டு 'சார்' போடாம எழுத வராது. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? உன்னை ஏன் விடக் கூடாதுன்னு இவ்வளவு அழகா என்னாலயே சொல்ல முடியாது. கஸ்டமருக்கும் இதைத்தான் அப்படியே அனுப்புனேன்."

அந்த வாதத்தில் எங்காவது இடுக்கு இருக்கிறதா என்று மிலிந்த் பார்த்தான். இல்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தான்.

பெங்களூர்க்காரர்களிடம் கெஞ்சிப் பார்த்தான், இரண்டு தடவை. அவர்கள் மரியாதையாக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு மிலிந்த், ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று பராக்குக்கு ஒரே ஒரு வரி எழுதினான். காரணம் எதையும் சொல்லவில்லை. அவன் நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது.