மூன்றாவது தாமதம்

மூன்று தாமதங்களில் ஒன்று என்னுடையது. அதையும் எங்களுக்குப் பெட்டிகள் செய்து தந்தவர் தலையில் கட்டிக் கடிதம் எழுதி, கையெழுத்திட்டுப் பதிவுத்தபாலில் அனுப்பினேன்.

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகள் அவை. ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில், தொழிற்சாலைகளுக்குப் பொருள்களை நகர்த்தும் கன்வேயர் பட்டைகள் அமைத்துத் தரும் நிறுவனத்தில் நான் திட்ட மேலாளர். அவற்றுக்கான மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகளை பீலெஃபெல்டில் சிறு பட்டறை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் செய்து கொடுத்தார். முதல் இரண்டு தொகுதிகளும் பிந்தி வந்தன. அது அவர் தவறுதான். எங்கள் ஆட்கள் வேலைத்தளத்தில் சும்மா நின்றார்கள். எங்கள் துறைத்தலைவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார்.

மூன்றாவது தொகுதியின் வரைபடங்களுக்கு நான் ஒப்புதல் தந்தால்தான் அவர் தகடு வெட்ட முடியும். அவை என் மேசையிலேயே கிடந்தன. அவர் தொலைபேசியில் கேட்டார்:

"அண்ணை, வரைபடம் இன்னும் வரேல்லை. வேலை நிக்குது எண்டு ஒரு கடிதம் போடட்டோ?"

"நமக்குள்ள எதுக்குங்க கடிதம்? நான் பாத்துக்கறேன்."

அவர் போடவில்லை. போட்டிருந்தால் அந்தத் தாமதம் அவர் கணக்கில் சேர்ந்திருக்காது. ஒரு ஜெர்மன்காரர் அன்றே போட்டிருப்பார். தமிழில் பேசிக்கொள்ளும் எங்களுக்கோ அது முகத்தில் அடிப்பது போல இருந்தது.

பெட்டிகள் பிந்தின. என்மீது விழுந்த கத்தலையெல்லாம் ஜெர்மன் மொழியில் கடிதமாக்கினேன். ஒப்பந்தத் தேதிகளைக் காட்டி மூன்று தாமதங்களையும் அவர் பெயரில் எழுதினேன். தாமத அபராதம் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்றேன். இறுதிக் கெடு வைத்து, அதையும் தவறினால் ஒப்பந்தத்திலிருந்து விலகி, வேறிடத்தில் வாங்கும் கூடுதல் செலவையும் அவரிடமே கேட்போம் என்றேன். என் மேசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடிதம் கிடைத்ததும் அழைத்தார்.

"உங்கடை மேசையிலை படுத்துக் கிடந்ததுக்கு நான் அபராதம் கட்டோணுமோ? மூண்டுக்கும் காசு வெட்டினா என்னாலை ஏலாது, பட்டறையை மூடவேண்டியதுதான். வெக்கமில்லையோ உங்களுக்கு?"

"எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றேன்.



"நல்லாயிருக்கு அண்ணை. எழுத வேண்டாமெண்டு சொன்னது ஆர்?"

அவர் சொன்னது சரி என்பதுதான் என் கோபத்தை இன்னும் கிளறியது. தொலைபேசியை ஓங்கி வைத்தேன்.

கெடுவுக்குள் பெட்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் மூன்று தாமதங்களுக்குமாக அபராதத்தைக் கழித்துக்கொண்டுதான் எங்கள் கணக்குப் பிரிவு பணம் அனுப்பியது. சில வாரங்கள் பொறுத்தேன். பிறகு, மூன்றாவது தாமதத்துக்குக் காரணம் நானே, அதற்கு அவரிடம் அபராதம் கேட்க நமக்கு உரிமையில்லை என்று துறைத்தலைவருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் மறுபடி கத்தினார். திட்டத்தை என்னிடமிருந்து பறித்தார். மூன்றாவது தொகுதிக்குப் பிடித்த பணம் திரும்பிப் போனது. பட்டறை பிழைத்தது.

மன்னிப்புக் கேட்க பீலெஃபெல்டுக்குப் போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"வாயாலை சொன்னதை நம்பினது போதும், ஐயா. எழுத்திலை தாங்கோ."

அங்கேயே நின்றபடி எழுதினேன். அவர் இருமுறை படித்தார். மேலே 'பெறப்பட்டது' முத்திரையைக் குத்தி, எங்கள் நிறுவனத்தின் கோப்பில் செருகி மூடினார். அதற்குப் பிறகு எங்களிடமிருந்து ஒரு வேலையும் அவர் எடுக்கவில்லை.