கோயிலுக்குப் போகும் நாள்

மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த மருந்துக்கடையில் ஒரு நீல ஃபைல் இருந்தது. மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பது, கவரில் எழுதுவது, மருந்துகளை எங்கே எப்படி வைப்பது, தவறு நடந்தால் எப்படிப் பதிவுசெய்வது என்று அதில் நான்கு பகுதிகள். சேர்ந்த முதல் மாதத்தில், சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் நேரத்தில், நான்தான் எழுதினேன். எதையும் வரிசை எண் போட்டு எழுதிவிட்டால் எனக்கு மனசு அடங்கும்.

அந்த அம்மா கடைக்கு வந்தது கிறிஸ்தவர்களின் சாம்பல் புதனுக்கு முந்தின நாள். அப்படி ஒரு நாள் இருப்பதே எனக்கு அன்று நினைவில் இல்லை.

துறைமுகம் பக்கம் வீடு. நண்டு, இறால் விற்பவர். விரல் மூட்டுகள் வீங்கிக் கோணலாகியிருந்தன. டாக்டர் மெத்தோட்ரெக்சேட் பத்து மில்லிகிராம் எழுதியிருந்தார், வாரம் ஒன்று, நான்கு வாரத்துக்கு. மூட்டுவாதத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டால் எலும்புக்குள் ரத்தம் உருவாவதே நின்றுபோகும். கை தவறி யாரும் எடுத்துவிடக்கூடாது என்று அதை மற்ற அலமாரியில் சேர்க்காமல், சிவப்பு டேப் ஒட்டிய தனி டப்பாவில் வைத்திருந்தேன்.

சீட்டில் தேதி, டாக்டரின் பதிவு எண், பெயர், வயது, மருந்தின் அளவு எல்லாம் பார்த்தேன். அட்டையில் காலாவதி பார்த்தேன். ரத்தப் பரிசோதனைத் தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான்கு மாத்திரையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது முதலாளி திரும்பினார்.

"அட்டைய வெட்டாதம்மா. மிச்சம் ஆறு மாத்திரைய யாருகிட்ட விக்கிறது? அவுங்களுக்கே அடுத்த மாசத்துக்கு ஆவும்."

சீட்டில் உள்ள எண்ணிக்கை மட்டுமே கொடுக்க வேண்டும் என்று நீல ஃபைலில் இருக்கிறது. என் கையெழுத்துதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். பத்து மாத்திரையும் கவருக்குள் போயின.

எங்கள் கவரில் மூன்று கட்டங்கள் அச்சடித்திருக்கும்: காலை, மதியம், இரவு. வாரம் என்பதற்கு இடமே கிடையாது. மூன்றையும் அடித்துவிட்டு, மேலே பெரிதாக "வாரம் ஒரு நாள் மட்டும், ஞாயிறு" என்று எழுதினேன்.

"இன்னா பாப்பா எழுதிக்கினே இருக்க? படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் நண்டு கூடைய தூக்கறேன்?" என்றார் அந்த அம்மா.

அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை தொங்கியது. கவரில் எழுதியதன் பக்கத்தில் ஒரு சிலுவை வரைந்தேன்.

"நீங்க கோயிலுக்குப் போற அன்னைக்கு மட்டும் ஒண்ணு. மத்த நாள்ல இத தொடவே கூடாது. தெரியுதா?"

"பாருடி, திருநீறு வெச்ச பொண்ணு சிலுவ போடுது!" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியிடம் சொல்லிச் சிரித்தார்.

மருந்து வாங்குபவரைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும் என்பது கடைசி விதி. சொல்லச் சொன்னேன்.

"கோயிலுக்குப் போற அன்னைக்கு ஒண்ணு. மத்த நாள்ல தொடக்கூடாது. போதுமா டீச்சரு?"

ஒரு சொல் மாறவில்லை. சரி என்று குறித்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் அவர் மகள் வந்தார். கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவர், முகம் தெரியும். "அம்மாவுக்கு வாயெல்லாம் வெந்து கெடக்கு. கஞ்சி கூட எறங்கல. ரெண்டு நாளா ஜொரம். ஏதாச்சும் ஜெல் குடும்மா" என்றார். கூடவே காலி அட்டையை எடுத்து வைத்தார். "இதுவும் தீந்துபோச்சாம்."

பத்துக் குழியும் கிழிந்திருந்தன.

"இத எப்ப எப்ப போட்டாங்கக்கா?"

"தெனமும் காலைல, பூசைக்குப் போயிட்டு வந்து."

"தெனமுமா? ஞாயித்துக்கெழமதானே..."

"தவக்காலம் ஆச்சேம்மா. ஈஸ்டர் வரைக்கும் அம்மா தெனமும் கோயிலுக்குப் போவும். சாம்பல் புதன்லேர்ந்து ஒரு நாள் பூசை வுடல. ஜொரத்தோட கூட போச்சு."

ஜெல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, தினம் ஒன்று, பத்து நாள் என்று எழுதினேன். சீட்டு எழுதிய டாக்டருக்கு அங்கேயே போன் செய்தேன். சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். இந்த மருந்தின் விஷத்தை முறிக்க ஒரு ஊசி உண்டு, ஃபோலினிக் ஆசிட். சீக்கிரம் போட்டால்தான் பலன். மகளின் கையைப் பிடித்து, "யாரு என்ன கேட்டாலும் மொதல்ல இந்தத் தாள காட்டுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். பயந்துவிட்டார்.

அவர் போனதும் பிழைப் பதிவேட்டை எடுத்தேன். அதுவரை அதில் மூன்று பதிவுகள்தான். மூன்றும் மருந்து வெளியே போகும் முன்பே பிடித்தவை. முதலாளி எதிரில் வந்து உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. என் அப்பாவின் ஆப்பரேஷனுக்குக் கேட்காமலே லீவு கொடுத்தவர்.

"எழுதாதம்மா."

"எழுதணும் சார்."

"நீ சொன்னே. அவுங்க அப்படியே திருப்பிச் சொன்னாங்க. நானே கேட்டேன். அப்பறம் இன்னா பிழை? எழுதுறதுன்னா நோயாளி தப்பாப் போட்டுக்கிச்சுன்னு எழுது."

பதிவேட்டில் பிழையின் வகை என்று ஒரு பத்தி. தவறான மருந்து, தவறான அளவு, தவறான ஆள், தவறான எண்ணிக்கை, தவறான கவர். நோயாளியின் தவறு என்று ஒரு வகை நான் வைக்கவே இல்லை. எண்ணிக்கை, கவர் இரண்டையும் குறித்தேன். நான்கு மாத்திரை மட்டும் போயிருந்தால் ஐந்தாம் நாளே கேட்டு வந்திருப்பார்கள் என்றும் எழுதினேன். முதலாளி அதைப் படித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஐந்து நாளும் வேலை முடிந்து ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அணுக்கள் ஏறவில்லை. சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது என்றார் வார்டில் இருந்த இளம் டாக்டர். அந்த அம்மாவின் உதடு வெடித்துக் கறுத்திருந்தது. பேச முடியவில்லை. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியாது. மூன்றாம் நாள் தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் நான் போனபோது மகள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். மத்தியானமே முடிந்துவிட்டதாம். உறவுக்காரர் ஒருவர் போனில் யாரிடமோ, "படிக்காத பொம்பள, வாரத்துக்கு ஒண்ணுன்னு குடுத்தத தெனமும் முழுங்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையே நான்காவது ஆளிடம் சொல்லும் குரல் அது.

மகள் என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் அம்மாவத்தான் சொல்றாங்க. நீ சொல்லு. அம்மா சரியாத்தானே போட்டுச்சு?"

"சரியாத்தான்க்கா போட்டாங்க. நான் சொன்னபடியேதான். நான் சொன்னதுதான் தப்பு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் போனில் பேசுபவர் பக்கம் திரும்பி, "மாமா, கேட்டுக்க. அம்மா மேல தப்பு இல்லியாம்" என்றார். அந்த உறவுக்காரர் கையை அசைத்து, அப்புறம் என்பதுபோல் காட்டிவிட்டு, அடுத்த நம்பரைப் போட்டார்.