மெத்தில் ஆரஞ்சு போதும் என்று சொன்ன மாலை

மலாக்காவின் காஜா பெராங்கில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு மெழுகுத் துணி விரித்திருக்கும். வெள்ளையில் நீலக் கட்டங்கள் போட்ட துணி. இத்தனை வயதுக்குப் பிறகும் அந்தக் கட்டங்களின் அளவை என் விரல் மறக்கவில்லை.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. நானும் அவளும் பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்தின் கடைசி வருடம். பெண்கள் பள்ளியில் ஆறாம் படிவம் இல்லாததால் எங்கள் ஆண்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த மூன்று பெண்களில் அவள் ஒருத்தி. மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த ஊரோடு கலந்துவிட்டவர்கள். வீட்டில் சாமி கும்பிடுவது நம்மைப் போல. பேசுவது அவர்களுடைய மலாய். தமிழில் அவளுக்குக் கோயில் வார்த்தைகள் மட்டும் தெரியும். நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மூத்த மகன். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும்தான். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவள் குரல் அதில் முழுதாக வராது என்பது எனக்குத் தெரியும்.

மாரியம்மன் திருவிழா நடந்த நாட்களில் அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்த வருடம் அவர்கள் குடும்பத்துக்குக் கோயிலில் பொறுப்பு அதிகம். திரும்பி வந்தபோது வேதியியல் ஆசிரியர் அமிலம், காரம், தாங்கல் கரைசல் எல்லாவற்றையும் அவசர அவசரமாக முடித்துவிட்டு வேறு பாடத்துக்குப் போயிருந்தார். விட்டுப்போனதைச் சொல்லித் தர முடியுமா என்று அவள் என்னைக் கேட்டாள். வகுப்பில் வேதியியலில் முதல் ஆள் நான். பள்ளி விட்டதும் சைக்கிளை நேராக காஜா பெராங்குக்கு விடத் தொடங்கினேன்.

அவளுடைய அம்மாவை மாச்சிக், அத்தை, என்று மலாயில் கூப்பிடுவேன். சாரோங்கும் கபாயாவும் உடுத்தி, நெற்றியில் விபூதியோடு, அடுப்படியில் எதையாவது கிளறிக்கொண்டே எங்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்வார். நான் சம்பாலுக்குக் கண்ணீர் விடுவதைப் பார்த்து, தோட்டத்துப் பிள்ளைக்கு மிளகாய் ஆகவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாராம். 

தாள் எடுத்து வரைவதற்குப் பொறுமை இல்லாமல், நான் விரலை டம்ளர் தண்ணீரில் நனைத்து மெழுகுத் துணியின் மேலேயே கோடு போடுவேன். கீழ்க்கட்டங்கள் ப்யூரெட் குழாயிலிருந்து விழும் காஸ்டிக் சோடாவின் அளவு. மேலே ஏறும் கட்டங்கள் பிஎச். முதல் நாள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குக் கோடு போட்டேன். அடியிலேயே கிடந்து, திடீரென்று செங்குத்தாக ஏறி, மறுபடி மேலே படுத்துக்கொள்ளும் கோடு. அந்தச் செங்குத்தின் நடுவில்தான் சமானப் புள்ளி. அமிலமும் காரமும் ஒன்றுக்கொன்று மிச்சமில்லாமல் சரியாகிற இடம். இந்தக் கோட்டில் அது ஏழு. செங்குத்து நான்கிலிருந்து பத்து வரை நீளமாக இருப்பதால், மூன்றிலிருந்து நாலரைக்குள் நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சை நிறங்காட்டியாகப் போட்டாலும் பெரிய தப்பு வராது. லேபில் நாங்கள் போட்டதும் அதைத்தான்.

“எந்தக் கோடு வந்தாலும் செங்குத்தைத் தேடு. அதோட நடுவைத் தொடு” என்று சொன்னேன். அவள் தன் விரலையும் நனைத்து அந்த நடுவைத் தொட்டாள். கோடு ஓரங்களிலிருந்து காயத் தொடங்கியது. காய்வதற்குள் அவள் படித்து முடித்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

இரண்டாம் நாள் அசிட்டிக் அமிலம். சமையலறையில் அச்சார் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருப்பதும் அதுதான் என்றதும் அவள் எழுந்து போய் அம்மாவின் பாட்டிலை எடுத்து வந்து மேசை மேல் வைத்துக்கொண்டாள். இந்தக் கோடு வேறு மாதிரி. தொடக்கம் மூன்றுக்குச் சற்றுக் கீழே. பிறகு மெல்ல ஏறி, நடுவில் நீளமாகச் சாய்ந்து கிடக்கும். பாதி அமிலம் உப்பாக மாறி, மீதிப் பாதி அமிலமாகவே இருக்கும் அந்தப் பகுதியில் எவ்வளவு சோடா விட்டாலும் பிஎச் கொஞ்சம்தான் நகரும். அதுதான் தாங்கல். சரியாகப் பாதியில் பிஎச் நாலே முக்கால்.

“எவ்வளவு ஊத்தினாலும் அசையாதா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் அசையும். வெளியே தெரியாது.”

“உன்னை மாதிரி லா” என்றாள். எதை நினைத்துச் சொன்னாள் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நான் குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாச்சிக் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து கோட்டின் மேலேயே வைத்தார். செங்குத்து வரையப்படாமல் நின்றுவிட்டது. மீதியை அடுத்த முறை போடலாம் என்றேன்.

அடுத்த முறை போவதற்குள் ஒரு செய்தி வந்தது. சிங்கப்பூரில் மருந்தியல் படிக்க அவளுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைக்கும். வேதியியலில் நல்ல தேர்ச்சி மட்டும் காட்ட வேண்டும். மாச்சிக் அதைச் சொல்லும்போது அழுதுகொண்டே சிரித்தார். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் அவ்வளவு தூரம் படிக்கப் போனதில்லை. என் நிலை வேறு. அப்பாவின் உடம்பு மோசமாகிவிட்டதால், நான் பரீட்சை முடிந்ததும் மலாக்காவிலேயே ஏதாவது பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளும் போகாமல் இங்கேயே இருந்தால், இரண்டு பேரும் ஒரே ஊரில் ஆசிரியர்களாக, மாலையில் ஒரே மேசையில். இப்படி ஒரு படத்தை மனத்தில் வரைந்துகொண்டு நான் யாரிடமும் சொல்லாமல் திரிந்தேன்.

வேதியியல் தாளுக்கு முந்தின மாலை கடைசியாகப் போனேன். மற்றவை எல்லாம் அவளுக்குத் தெளிவாக இருந்தன. கிளம்பும் நேரத்தில்தான் கேட்டாள்.

“வினிகர் கோட்டை நாம முடிக்கலையே. அதுக்கும் சமானப் புள்ளி ஏழுதானா?”

இல்லை. அசிட்டிக் அமிலம் முழுவதும் தீர்ந்ததும் பாத்திரத்தில் இருப்பது சோடியம் அசிடேட். அந்த உப்பு தண்ணீரைக் கொஞ்சம் காரமாக்கும். பத்தில் ஒரு நார்மல் கரைசல்களில் சமானப் புள்ளி ஒன்பதுக்குப் பக்கத்தில் விழும். எட்டு, ஒன்பதைத் தாண்டும்போது இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன்தான் அதற்குப் பொருந்தும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். விரலை நனைத்து மீதிக் கோட்டைப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் அவளே கண்டுபிடித்திருப்பாள்.

அன்று மட்டும் நான் விரலை நனைக்கவில்லை.

“ஏழுதான். உப்பும் தண்ணியும்தானே மிச்சம். லேபில போடுற மெத்தில் ஆரஞ்சு போதும்.”

“பெத்துல் கா?” என்றாள். நிஜமாகவா என்று அர்த்தம்.

தலையாட்டினேன். சைக்கிள் விளக்கைப் பொருத்திக்கொண்டு கிளம்பினேன். ஒரே ஒரு கேள்விதான், அது வருமோ வராதோ என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். வர வேண்டும் என்றுதான் உள்ளே ஆசைப்பட்டேன். இதை எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

வந்தது. கேள்வித்தாளில் கோடு அச்சாகியிருந்தது. இருபத்தைந்து சி.சி. அசிட்டிக் அமிலம், எதிரே சோடா. சமானப் புள்ளியைக் குறி. தாங்கல் பகுதியைக் காட்டு. கீழே தந்திருக்கும் மூன்று நிறங்காட்டிகளில் ஏற்றதைக் காரணத்தோடு எழுது. ஒவ்வொன்றும் எந்தப் பிஎச்சில் நிறம் மாறும் என்று பக்கத்திலேயே கொடுத்திருந்தார்கள். பினால்ப்தலீன் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். முன்வரிசையில் அவள் இருந்தாள். ஒரு தரம் மெல்லத் திரும்பி என் பக்கம் பார்த்தாள். கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பிக்கொண்டாள். விடை தெரியாமல் தவிக்கிறாள் என்று நினைத்தேன். குற்றவுணர்வோடு விடைத்தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கூடவே, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு நிம்மதியும் இருந்தது.

பரீட்சை முடிந்ததும் சைக்கிள் கொட்டகையில் நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதை வேண்டாம் என்று சொல்லாத ஆசிரியர் இல்லை, செய்யாத மாணவன் இல்லை. என் சீன நண்பன் ஒருவன் எல்லோரையும் மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“வினிகருக்கு பினால்ப்தலீன், கான்?” என்று, சரிதானே என்கிற தொனியில் கேட்டான் அவன்.

“வேற என்ன? மெத்தில் ஆரஞ்சு போட்டவன் கதை முடிஞ்சுது” என்றேன். வகுப்பில் முதல் ஆளின் திமிர். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

நண்பன் சிரித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனான். நான் திரும்பினேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் விடை ஒத்துவராதபோது படித்ததையே திரும்பப் படிப்பாளே, அந்தப் பார்வை.

“நானும் அதைத்தான் எழுதினேன்” என்றாள். “படத்துல செங்குத்தைத் தேடினேன். நடு ஒன்பதுகிட்ட இருந்துச்சு. மெத்தில் ஆரஞ்சு எட்டு சி.சிக்குள்ளேயே மாறி முடிஞ்சிரும்.”

நான் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தேன்.

“நீ தப்பா எழுதிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன். எப்படியாவது காட்டலாம்னு திரும்பினேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நேத்தே உனக்குத் தெரியுமா?”

“நேத்து குழப்பிட்டேன். ராத்திரி புத்தகத்தைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது” என்றேன்.

இது இரண்டாவது பொய். முதல் பொய்யை அவள் மன்னித்திருப்பாள் என்றே இப்போது தோன்றுகிறது. நீ போகக் கூடாது என்று நினைத்தேன், அதனால் சொன்னேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள். சிரித்தும் இருக்கலாம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ராத்திரியே தெரிந்ததை ஏன் காலையில் வந்து சொல்லவில்லை என்று கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

முடிவுகள் வந்தன. அவள் சிங்கப்பூர் கிளம்பும் நாளில் வழியனுப்பப் போனேன். மாச்சிக் எனக்கும் ஒரு போத்தல் அச்சார் கட்டிக் கொடுத்து, என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், மறுக்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் சொன்னதைப் போலவே எனக்கும் நன்றி சொல்லி, கை கொடுத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த மரியாதையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் மலாக்காவிலேயே வேதியியல் ஆசிரியராகி, மலாக்காவிலேயே ஓய்வும் பெற்றேன். ஒவ்வொரு வருடமும் அந்தக் கோட்டைக் கரும்பலகையில் முழுதாக வரைந்தேன். ஒரு வருடம்கூடப் பாதியில் நிறுத்தியதில்லை. செங்குத்தின் நடுவைத் தொட ஒரு பிள்ளையைக் கூப்பிடுவேன். தொடும் விரலைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

அவள் படித்து முடித்து, அங்கேயே மணமாகி, அங்கேயே இருந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். திருவிழாவுக்கு வருவாளாம். அந்த நாட்களில் கோயில் பக்கம் போய் எதிர்ப்புறத்தில் நின்றிருக்கிறேன். சாரோங் உடுத்திய பெண்கள் கூட்டமாகப் போவார்கள். எந்த முகமும் அவளாக இருக்கலாம் என்கிற வயது எங்கள் இருவருக்கும் எப்போதோ வந்துவிட்டது.

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது துணி இல்லை, வெறும் கண்ணாடி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து உட்காரும்போது சில நாள் ஈர விரல் தானாகக் கோடு போடுகிறது. மூன்றுக்குக் கீழே தொடங்கி, நாலே முக்காலில் சாய்ந்து கிடந்து, பிறகு மேலே. இப்போது முழுதாகத்தான் போடுகிறேன். நடுவைத் தொட ஆள் இல்லாமல் அது ஓரங்களிலிருந்து காய்கிறது.