வேலிக்கு அந்தப் பக்கத்துப் பூச்சி

திருவையாற்றுக்கு மேற்கே, காவிரிப் படுகையில் எங்கள் சாத்துக்குடித் தோட்டம் இருந்தது. மாமனார் இறந்தபின் அதை நடுவில் கம்பி வேலி போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். மேல்பாதி என் கணவரின் அண்ணனுக்கு; அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். கீழ்ப்பாதி எங்களுக்கு. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்ததால் தோட்டம் என் பொறுப்பு. பெண்பிள்ளை தோட்டம் பார்ப்பது அத்தானுக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை.

முதலில் வேலியோரத்து மரம் ஒன்றில் ஒரே ஒரு கிளை மட்டும் மஞ்சளித்தது. மற்ற கிளைகள் பச்சையாகவே இருந்தன. இலையைப் பறித்துப் பார்த்தேன். நடுநரம்புக்கு இடப்புறம் ஒரு மாதிரியும் வலப்புறம் வேறு மாதிரியும் மஞ்சள் திட்டுகள். அந்தக் கிளையில் காய்த்தவை சிறுத்து, ஒருபக்கம் கோணியிருந்தன. காம்புப் பக்கம் நிறம் மாறியும் அடிப்பக்கம் பச்சை போகவில்லை. அறுத்தால் விதைகள் கறுத்துச் சூம்பிக் கிடந்தன. சாறு கசந்தது.

தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து இலைகளைப் பரிசோதனைக்கு எடுத்துப்போனார். முடிவு வந்ததும் தொலைபேசியில் சொன்னார்: "கிரீனிங் நோய்தாங்க. பாக்டீரியா. மருந்தே கிடையாது. மரத்த எடுத்துடுங்க. சில்லிட்னு ஒரு சாறு உறிஞ்சுற பூச்சிதான் அத மரத்துக்கு மரம் கொண்டுபோவும். கொழுந்து வர்றப்பல்லாம் பூச்சிக்கு மருந்து அடிங்க."

வேலிக்கு மேலே அத்தானின் மரங்களைப் பார்த்தேன். பாதிக்குமேல் அதே மஞ்சள். கொழுந்துகளில் அந்தப் பூச்சிகள், எள்ளளவு, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருந்தன. குஞ்சுகள் வெள்ளை மெழுகு இழைகளை விட்டிருந்தன.

இலையை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன்.

"துத்தநாகச் சத்துக் குறைவு," என்றார், கையில் வாங்காமலே.

"சத்துக் குறைவுன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளிக்கும் அத்தான். இது அப்படி இல்ல."

"நீ எனக்குச் சொல்லித்தர வந்துட்டியா? என் மரத்த வெட்டிட்டா நீ மட்டும் காய் விக்கலாம்னு பாக்கற."

அதற்குள் என் பக்கம் இன்னும் சில மரங்களிலும் அதே மஞ்சள் வந்திருந்தது. நான் அந்த நோய் மரங்களுக்கு முதலில் மருந்தடித்து, பிறகு வேரோடு பிடுங்கி எரித்தேன். பூச்சி புகாத வலைக்கூடத்தில் வளர்த்த ஒட்டுக்கன்றுகளை வாங்கி அந்தக் குழிகளில் நட்டேன். அத்தான் வேலியருகே நின்று பார்த்தார். மறுநாள் என் தண்ணீர் வாய்க்காலை மண்போட்டு அடைத்தார். அடுத்த கோடை முழுவதும் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் திட்டுதான். கணவர் போனில், "அண்ணன்கிட்ட விட்டுக்கொடுத்துப் போயேன்," என்றார். எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டேன்.

கடைசியில் அலுவலக அம்மாவே நேரில் போய் அத்தானிடம் பேசினார். அந்த அம்மா கிளம்பும்போது சொன்னது எனக்கும் கேட்டது: "வெட்டுறதுக்கு முன்னாடி கண்டிப்பா மருந்து அடிச்சுடுங்க. இல்லாட்டி பூச்சி பக்கத்துத் தோட்டத்துக்குப் பறந்துடும்." அத்தான் தலையாட்டினார்.

மழை பெய்து எல்லா மரமும் கொழுந்து விட்டிருந்த சமயம். ஒரு காலையில் ரம்பச் சத்தம் கேட்டு ஓடினேன். நாலைந்து ஆட்கள் அத்தானின் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்து வாசமே இல்லை.

"மருந்து அடிச்சீங்களா?"

"வெட்டு வெட்டுன்னு நீதான உசிர எடுத்த? வெட்டறேன். போ."

"பூச்சியெல்லாம் எங்க பக்கம் வந்துடும் அத்தான். ஒரு நாள் நிறுத்துங்க. மருந்து நான் வாங்கித் தர்றேன்."

அவர் ரம்பக்காரரைப் பார்த்து, "நிக்காத, அறு," என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அன்று மாலைக்குள் என் கன்றுகளின் கொழுந்தெல்லாம் பூச்சி. நானே ஸ்பிரேயரைத் தோளில் மாட்டி இருட்டும்வரை அடித்தேன். அதற்குள் அவை எவ்வளவு சாறு உறிஞ்சின, எவ்வளவு நோயைச் செலுத்தின என்று யாராலும் சொல்லமுடியாது. அந்த நோய் உடனே முகம் காட்டாது. அடுத்த ஆண்டு தாண்டித்தான் கன்றுகளிலும் மிச்சமிருந்த மரங்களிலும் பக்கத்துக்கு ஒரு மாதிரியான அந்த மஞ்சள் வந்தது. இலையை யாரிடமும் காட்டவேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கினேன்.

இப்போது அங்கே வாழை நிற்கிறது. நன்றாகவே வருகிறது. போன தை மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் அத்தான் எதிரே வந்தார்.

"வாழை எப்படி இருக்கு?" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

"நீங்க கேக்காதீங்க," என்றேன்.

விடுமுறையில் வந்து பக்கத்தில் நின்ற என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சாப்பிடாமலே பேருந்து ஏறினேன்.