என் வீட்டுக் கூட்டத்தில் நான் ஆப்சென்ட்

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தைரியம்தான்.

வலியசாலையில் எங்கள் தெருப் பெண்கள் பணம் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் அயல்கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவர் வீட்டிலாக நடக்கும். மாவு அரைத்து விற்கக் கிரைண்டர் வாங்க வேண்டுமென்று அதில் சேர்ந்தேன். ஆறு மாதம் வாரச் சேமிப்புப் போட்ட பிறகு, கடன் கேட்டு எழுதிய தாளை நீட்டினேன்.

"தாள் பேசாது, மாமி. எதுக்குன்னு நீங்களே சொல்லணும்" என்றாள் செக்ரட்டரி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"கிரைண்டர்" என்றேன், தரையைப் பார்த்து.

சம்மதமுள்ளவர்கள் கை தூக்கச் சொன்னாள். பதற்றத்தில் நானும் தூக்கிவிட்டேன்.

இருபது வாரத் தவணை. ஒரு வாரம் தவறினாலும் அடுத்த கடன் கிடையாது என்பது எங்கள் கூட்டத்தின் தீர்மானம். எனக்கோ மாவு புளிக்காமல் வைக்க அடுத்து ஒரு ஃபிரிட்ஜ் வேண்டும். அதனால் பாய் விரிக்கும் முன்பே போய் உட்காருவேன். "மாமி வந்தாச்சு, இன்னிக்கு ஞாயிறுதான்" என்று கேலி செய்வார்கள்.

இருபதாவது வாரம், கடைசித் தவணை. கூட்டம் என் வீட்டில். கூடத்தில் பதினெட்டுப் பெண்கள். வந்தவர்களை வரவேற்றுப் பேச வேண்டுமே என்று பயந்து, திங்கட்கிழமை மாவை அரைக்கிற சாக்கில் அடுக்களைக்குள் புகுந்துகொண்டேன். கிரைண்டர் ஓடியது. வெளியே பேர் கூப்பிட்டு ஆஜர் எடுத்ததும் கேட்கவில்லை, தவணை வாங்கியதும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டு மாமி வந்து சுவிட்சை அணைத்தாள். "என்னடி இது? உன் பேருக்கு நேரா ஆப்சென்ட் போட்டாச்சு. தவணையும் வரலையாம்!"

மாவுக்கையோடு ஓடினேன்.

"மாமியோட ஆத்துலதானே உக்காந்திருக்கோம்!" என்றார்கள் இரண்டு பேர்.

செக்ரட்டரி அசையவில்லை. "பேரை மூணு தடவை விளிச்சேன். யாரும் 'உண்டு'ன்னு சொல்லலை. ஆள் இல்லாம கிரைண்டர் மட்டும் சத்தம் போட்டா ஆஜர் ஆகுமா?"

"உண்டு!" என்று கத்தினேன். தெருவில் போன மீன்காரி நின்று பார்த்தாள். "நான் உண்டு! பணம் சாமி மாடத்துல உண்டு! கூட்டம் முடியலை, யாரும் இன்னும் கையெழுத்துப் போடலை, வாங்கிக்கோ!"

செக்ரட்டரி மினிட்ஸ் நோட்டைப் பார்த்தாள். உண்மைதான், அடியில் ஒரு கையெழுத்தும் இல்லை. அடித்து எழுதி, பணத்தை எண்ணி, என் பாஸ்புக்கில் வரவு வைத்தாள். அடித்த இடத்தில் நான் கையெழுத்திட்டபோது மாவு ஒட்டிக்கொண்டது.

"இத்தனை சத்தத்தை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தேள்?" என்றாள். "ஃபிரிட்ஜுக்கு அடுத்த வாரம் கேளுங்கோ. இதே சத்தத்துல."

மறுநாள் மாவு கொஞ்சம் கொரகொரவென்று இருந்தது. பாதியில் அணைத்ததை மறுபடி ஓட விட மறந்திருந்தேன். எல்லாம் விற்றுப்போயிற்று.