கூட்டாஞ்சோறு வைத்த ஆனி மாதம்

அந்த ஆறு மாதமும் நான் ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்ததாக நினைவில்லை. அடுக்களையில் நின்றால் பின்வாசலுக்குப் போகத் தோன்றும், பின்வாசலுக்குப் போனால் முற்றத்துக்கு. போகும்போதும் வரும்போதும் சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பேன். உள்பக்கம் சிவந்திருக்கிறதா என்று. காலையில் பார்த்ததைவிட மத்தியானம் கொஞ்சம் சிவப்பு என்று தோன்றும். சாயங்காலம் அதுவும் இல்லை என்று தோன்றும்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. கணவருக்குத் தென்காசியில் தபாலாபீஸ் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றில் தங்கித் தங்காமல் போயிற்று. இரண்டாவது, ஐந்தாம் மாதம். அது போன பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும், நகம் எல்லாம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும்.

தை மாதம் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். திருவனந்தபுரத்தில் படித்தவர், அதிகம் சிரிக்கமாட்டார். விரல் நுனியில் குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் கலக்கி, பக்கத்திலிருந்த பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப் பார்த்தார்.

“நேத்து என்ன சாப்பிட்ட?”

“சோறு, ரசம், மோர்.”

“கீரை?”

“வச்சேன்.”

“வச்சது சரி. சாப்பிட்டியா?”

எங்கள் வீட்டில் ஆண்கள் எல்லாரும் எழுந்த பிறகு நான் கடைசியில் சாப்பிடுவேன். கீரைச் சட்டி அதற்குள் வழித்து வைத்தது போலிருக்கும்.

“குழந்தை போனதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இந்த ரத்தத்தோட இன்னொண்ணு வேண்டாம். ஆறு மாசம் பொறு” என்றார். ரத்தம் ஊறுவதற்கு இரும்பு வேணும், அதோடு இலைகளிலும் பயறுகளிலும் இருக்கிற ஃபோலிக் ஆசிட் என்ற சத்தும் வேணும் என்று விளக்கினார். மாத்திரையோடு ஒரு தாளும் கொடுத்தார். காலையில் முளைகட்டிய பாசிப்பயறு அல்லது கேப்பைக்கூழ். மத்தியானம் பருப்போடு முருங்கைக்கீரை அல்லது சிறுகீரை, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாயங்காலம் வறுத்த கடலை, எள்ளுருண்டை. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டாதே, சத்து அதோடு போய்விடும் என்று கடைசியில் எழுதி அடியில் கோடு போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தாளை வாங்கிப் பார்த்தார். கணவரின் அம்மா. கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை.

“எள்ளு சூடு. புள்ளைக்கு நிக்கிற வயித்துல எள்ளைப் போடவா? பனிக் காலத்துல கீரை சீதம். டாக்டரம்மா புத்தகம் படிச்சுட்டுச் சொல்லுதா” என்று தாளை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. இரண்டு வாரத்தில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். காலைப் பயறு மட்டும் நடந்தது, அதுவும் கணவர் கேட்டுக்கொண்டதால். மற்றபடி பக்கத்து ஊர் குத்துக்கல்வலசையிலிருந்து கூடையில் கீரை கொண்டு வரும் அக்காளிடம் தினமும் ஒரு கட்டு கூடுதலாக வாங்குவேன். வாங்கி என்ன, அதுவும் பந்தியில் தீர்ந்துவிடும். ஊரில் யாரைப் பார்த்தாலும் “விசேஷம் உண்டா?” என்று கேட்டார்கள். நாள் போய்க்கொண்டே இருந்தது. ரத்தமும் ஊறவில்லை, மனசும் அடங்கவில்லை.

ஆனியில் சாரல் விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து கணவரின் அக்காளான மதினி, அவர் வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், குற்றாலத்தில் குளிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள், பதினொரு மணிக்கு ஈரத் தலையோடு பசியோடு வருவார்கள். அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அத்தனை பேருக்கும் பரிமாறி முடிக்கும்போது கீரை வைத்த அடையாளமே இருக்காது.

அந்த வாரம் தனியாக டாக்டரிடம் போனேன். பழுப்புக் கண்ணாடி, துளி ரத்தம். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “அஞ்சு மாசமா என்ன செஞ்ச? அப்படியே இருக்கு.” மாத்திரை நிறுத்தியதைச் சொன்னேன். திட்டினார். பிறகு பாதி மாத்திரையாகச் சாப்பாட்டோடு போடச் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. முந்திச் சாப்பிட முடியாது, தனியாகவும் சாப்பிட முடியாது. கடைசியில் உட்கார்ந்தாலும் கீரை மிஞ்ச வேண்டும். அப்போதுதான் கூட்டாஞ்சோறு ஞாபகம் வந்தது. அரிசி, துவரம்பருப்பு, காய், அரைத்த தேங்காய் எல்லாம் ஒரே பானையில். இறக்குவதற்குச் சற்று முன் இரண்டு கை முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறினால், பிரிக்கவே முடியாது. யார் முதலில் சாப்பிட்டாலும் அடியில் கிடக்கிற சோற்றிலும் கீரை இருக்கும்.

மறுநாள் வைத்தேன். அதற்கு அடுத்த நாளும். பெரிய பானையில் வைத்ததால் எனக்கு மிஞ்சியது. ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு பானை அடியை வழித்துச் சாப்பிட்டேன். நாலாம் நாள் மதினி இலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன, தெனமும் கூட்டாஞ்சோறா? வேற ஒண்ணும் தெரியாதோ?”

அத்தை என்னைப் பார்த்தார். “ஏட்டி, நாளைக்குத் தேங்காப்பால் சொதி வை.”

கரண்டி என் கையில் இருந்தது. “வைக்கேன் அத்தை. ஆனா அதுல எனக்குக் கீரை மிஞ்சாது. எனக்கு ரத்தம் இல்ல. நான் சாப்பிடணும்” என்றேன். இலைகளுக்கு முன்னால், விருந்தாளிகளுக்கு முன்னால். கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. நான் அடுக்களைக்குள் போய் அம்மி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை அத்தை சேலை மாற்றிக்கொண்டு, “வா, அந்த டாக்டரம்மாட்ட நானும் கேக்கணும்” என்றார்.

டாக்டரிடம் அத்தை நிறைய பேசினார். எள், சூடு, சீதம், அவர்கள் காலத்தில் எந்த மாத்திரையும் இல்லாமல் பெற்றது. டாக்டர் முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து வந்து, “கொஞ்சம் மேல பாருங்க” என்று அத்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். விரலிலும் குத்தினார். குழாயை வெளிச்சத்தில் பிடித்து, “உங்களுக்கும் குறைச்சல்தான். மருமகளைவிடக் கொஞ்சம்தான் கூட. நீங்க என்னைக்குக் கீரை சாப்பிட்டீங்க?” என்றார்.

“எனக்கு எதுக்கு” என்றார் அத்தை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையே கீரை ஆய்ந்தார். ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுவதற்கு முன்பே ஒரு சட்டியை மூடித் தனியே வைத்தார். அப்புறம் இரண்டு இலை போட்டு, “ஒக்காரு” என்றார். மதினி ஏதோ சொல்ல வந்தார், அத்தை அவரையும் உட்காரச் சொன்னார். மூன்று பேரும் சாப்பிட்டோம். எள்ளுருண்டை மட்டும் எங்கள் வீட்டுக்குள் கடைசிவரை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கடலையும் தட்டப்பயறும் வந்தன.

ஆடி முடிந்தது. டாக்டர் சொன்ன ஆறு மாதம் அதோடு தீரவில்லை, இன்னும் இரண்டு மாதம் நீட்டினார். ஐப்பசியில் குழாயின் நிறம் பழுப்புக் கண்ணாடியை எட்டியது. “இனி உன் இஷ்டம். மாத்திரையையும் கீரையையும் விட்டுராதே” என்றார். நான் தினமும் செய்த மாதிரி சாப்பாட்டைத் தொடர்ந்து காப்பி குடித்தால் இரும்பு சரியாக ஏறாது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அந்த இரண்டு மாதமாவது குறைந்திருக்குமோ என்னவோ.

மாசியில் நாள் தள்ளியது. ஐந்தாம் மாதம் கடக்கும்வரை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. அடுத்த ஐப்பசியில் பெண் பிறந்தாள். பிரசவ வார்டில் இரண்டாம் நாள் அத்தை தூக்குப் போணியில் பருப்புக்கீரைச் சோறு கொண்டு வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை குழந்தையை என்னிடம் தராமல் மடியிலேயே வைத்திருந்தார்.