மஹர் மோதிரத்துக்கு எடுத்த அளவு

என் மூத்த மகளுக்கு நிகாஹ் பேசி முடித்த நேரம், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹராக என்ன வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அவள் ஒரு மோதிரம் போதும் என்றாள். அவளுடைய உம்மாவுக்கும் சாச்சிமாருக்கும் அது பிடிக்கவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தும் கேட்காமல் இருக்கிற மனதை அல்லாஹ் என் வீட்டில் வைத்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை லண்டனில் வேலை செய்கிறார். நிகாஹுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நாள் பின்னேரம் ஃபோனில் கோல் எடுத்தார்.

"மாமா, மோதிரம் பாத்துட்டன். சுத்திவரக் கல்லு வெச்சது. மகளுக்கிட்ட அளவக் கேட்டு அனுப்புங்க. ஆனா ஒண்டு, சுத்திவரக் கல்லு இரிக்கிறதால மறுகா பெருப்பிக்கவும் ஏலாது, சிறுப்பிக்கவும் ஏலாதாம். சரியா எடுங்க."

"அளவு எடுக்கிறதுதானே மகன் என்ட தொழில்," என்றேன் நான்.

கல்முனை மெயின் ரோட்டில் எனக்குத் துணிக்கடை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கத்தரிக்கோல் பிடித்த கை இது. முப்பது வருடமாகத் துணி அளந்து கொடுக்கிறேன். அளவில் குறைத்தவனின் நிலை மறுமையில் என்னவாகும் என்று சின்ன வயதில் பள்ளிவாசல் பயானில் கேட்டு நடுங்கியவன் நான். அதனால் எவருக்கு வெட்டினாலும் கேட்ட அளவுக்கு மேலே இரண்டு விரல் தள்ளித்தான் கத்தரிக்கோல் வைப்பேன். கூட்டிக் கொடுத்தால் பாவம் இல்லை, குறைத்தால்தான் பாவம். அந்த நம்பிக்கையோடுதான் அன்றைக்கு மகளின் விரலையும் அளந்தேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்து, பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து ஒடுக்கமாக ஒரு துண்டு வெட்டினேன். மகள் முன்னால் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். அவள் மதரசாவுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ரோட்டைக் கடக்கும்போது பிடித்த கை. அதற்குப் பிறகு அந்தக் கையை இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. மோதிர விரலின் அடியில் தாளைச் சுற்றினேன். ஒரு முனை மற்ற முனையில் ஏறுகிற இடத்தில் பேனையால் கோடு போட்டேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, என் பழக்கத்தில், கோட்டுக்கு அங்கால் கொஞ்சம் தள்ளி வெட்டினேன். வெட்டிய துண்டை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தேழு மில்லிமீற்றர். துண்டின் முழு நீளத்தையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

மஃரிபுக்கு முன்னமே பதில் வந்தது. லண்டன் நகைக்கடையில் சொல்லிவிட்டாராம். நாளைக் காலை அங்கே பத்து மணிக்கு வேலை தொடங்குவார்களாம், அதன் பிறகு எதுவும் மாற்ற முடியாதாம். கீழே அளவு என்று P½ எழுதியிருந்தது.

"இதென்ன வாப்பா, விரலுக்கு எழுத்தா?" என்றாள் மகள். "அதிலயும் அரை எழுத்து."

எனக்கும் விளங்கவில்லை, சரி என்று மட்டும் பதில் அனுப்பியிருந்தேன். என் மனைவி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"விளங்காததுக்கு ஓம் எண்டு செல்லிப் போட்டு இரிக்கிறீங்களே," என்றாள். "காலையில பத்தரட்டப் போய்க் கேளுங்க."

எங்கள் கடையில் இருந்து நாலு கடை தள்ளி நகைக்கடை வைத்திருக்கும் பத்தர் எனக்கு நெடுநாள் பழக்கம். தமிழ் ஆள், என்னைவிட இரண்டு வயது இளையவர், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பார். கோயில் திருவிழாவுக்கு என்னிடம் வேட்டி எடுப்பார், எங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு நான் அவரிடம் நகை செய்வேன். மறுநாள் காலை பத்து மணிபோலத் துண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கிலாந்துக்காரன் மோதிரத்துக்கு எழுத்துத்தான் வைப்பான் காக்கா," என்றார் அவர். "எழுத்துக்கு எழுத்து சுற்றளவில ஒண்டேகால் மில்லிமீற்றர் கூடும். ரெண்டுக்கும் நடுவில வந்தா அரை. அமெரிக்காக்காரனுக்கு இலக்கம். பிரான்சில மில்லிமீற்றர் எவ்வளவோ அதுதான் அளவு, ஐம்பத்தேழு எண்டா ஐம்பத்தேழுதான். எனக்கிட்ட இரிக்கிற அளவுகோல் இந்தியாவில இருந்து வந்தது, அதில வேற இலக்கம்."

முனை ஒடுங்கி அடி தடித்த ஒரு உலோகக் கோலை எடுத்தார். அதில் வளையம் வளையமாகக் கோடுகள், கோட்டுக்கு ஒரு இலக்கம். என் தாள்துண்டை முனையோடு முனை தொட வளைத்து, கோலில் இறக்கினார். அது ஓரிடத்தில் நின்றது.

"பதினாறு. அமெரிக்கக் கணக்கில எட்டு. லண்டனில P½. மாப்பிள்ளை சரியாத்தான் மாத்தி இரிக்கார்."

எனக்கு மனம் நிறைந்தது. திரும்ப எழுந்தேன். அப்போது அவர் துண்டை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"காக்கா, இந்தப் பேனைக் கோடு என்ன?"

"அது முட்டின இடம். நான் கொஞ்சம் தாராளமா விட்டுத்தான் வெட்டினன். ஆருக்கும் குறைச்சு அளந்த பழக்கம் நமக்கில்லயே."

பத்தர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது முகத்தில் தெரிந்தது.

"இது பிடவை இல்ல காக்கா. மடிச்சுத் தைக்க ஏலாது."

கோடு வரை மட்டும் அடிமட்டத்தில் வைத்துக் காட்டினார். ஐம்பத்து நாலரை இருக்காது, அதற்கு ஒரு மயிரளவு உள்ளே. நான் தாராளமாக விட்டது இரண்டரை மில்லிமீற்றர். ஒரு நெல்லின் அகலம்.

"இந்த ஒரு நெல்லுத்தான் அமெரிக்கக் கணக்கில ஒரு முழு அளவு. இங்கிலாந்தில ரெண்டு எழுத்து," என்றார். "கையைக் கழுவக் குனிஞ்சா மோதிரம் வாஷ்பேசினுக்குள்ள."

லண்டனில் இன்னும் விடியவில்லை. விடிந்து பத்து மணியானால் என் மகளின் மஹர் அவளுக்குச் சேராத ஒரு பொருளாகிவிடும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் வாப்பாவின் கை கெடுத்துவிட்டது. நிகாஹில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இந்த மஹருக்கு என் மகளை உமக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று சொல்லப்போகிறவன் நான்தான். எந்த வாயால் சொல்வது?

"உடனே ஐம்பத்து நாலு எண்டு எழுதவா?"

"பொறுங்க. பழைய கோட்டை நம்பி இன்னொருக்காப் பிழை விடாதீங்க. பிள்ளையக் கூப்பிடுங்க."

மகள் உம்மாவோடு ஓட்டோவில் வந்தாள். வெயில் கொதித்த நாள். வந்ததும் கையை நீட்டினாள். பத்தர் தொடவில்லை.

"மகள், ஃபேனுக்குக் கீழ பத்து நிமிசம் இரிங்க. வெயில்ல வந்த விரல் கொஞ்சம் வீங்கி இரிக்கும்."

"விரலுமா வீங்கும்?" என்றாள் என் மனைவி.

"வீங்கும், சுருங்கும். லண்டன் குளிருக்கு இன்னும் சுருங்கும். அதால பெரிசு கூடவே கூடாது."

பத்து நிமிடம் கழித்து அவர் ஒடுக்கமான தாள் ஒன்றை வெட்டி என் மனைவியிடம் கொடுத்தார். எப்படிச் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் மகளின் விரலடியில் சுற்றினாள், இறுக்காமல், தொளதொளவென்றும் விடாமல். சுற்றை அப்படியே மொளிக்கு, விரல் மூட்டுக்கு, மேலால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் தடுத்து, பிறகு ஏறி வந்தது. தாளின் ஒரு முனை மற்றதன்மேல் ஏறிய இடத்தில் ஊசியால் ஒரு குத்து. விரித்தபோது இரண்டு துளை. அடிமட்டத்தின் விளிம்பில் இருந்து வைக்காமல், பூச்சியம் போட்ட கோட்டில் முதல் துளையை வைத்தார். இரண்டாம் துளை ஐம்பத்து நாலரைக்கு ஒரு மயிரளவு உள்ளே விழுந்தது.

பிறகு ஒரு வளையத்தில் கோத்த அளவு மோதிரங்களை எடுத்தார். பதினாறாம் இலக்கத்தைப் போட்டுக் கையை உதறச் சொன்னார். அது கழன்று மேசையில் விழுந்து உருண்டது. பதினாலைப் போட்டாள். மொளியில் ஒரு கணம் நின்று, உள்ளே இறங்கி, இருந்தது. உதறினாள். அசையவில்லை.

"எங்கட கோலில பதினாலு. அமெரிக்காவில ஏழு. பிரான்சில ஐம்பத்து நாலு. லண்டனுக்கு N½ எண்டு எழுதுங்க," என்றார். "கட்டாயம் மில்லிமீற்றரையும் சேத்து எழுதுங்க காக்கா. எழுத்தும் இலக்கமும் நாட்டுக்கு நாடு மாறும், மில்லிமீற்றர் மாறாது."

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர், இந்தப் பக்கம் ஒரு பெயர். மனிதர்கள் கூடி இத்தனை கணக்கு வைத்திருக்கிறார்கள். விரலோ எந்தக் கணக்கும் அறியாமல், கருவறைக்குள் படைத்தவன் வளைத்துவிட்ட அந்த வட்டத்திலேயே இருக்கிறது. ஒரு நெல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரியான அளவுக்கு இரண்டு பக்கமும் எல்லை உண்டு என்பதை, ஒரு பக்கத்துக்கு மட்டும் பயந்து வாழ்ந்த எனக்கு அந்த நகைக்கடையில்தான் அல்லாஹ் காட்டினான்.

அதற்குள் பன்னிரண்டாகிவிட்டது. பள்ளிவாசலில் ளுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். லண்டனில் இப்போது ஆறரை, குளிர்காலம், மாப்பிள்ளை சுபஹுக்கு எழுந்திருப்பார். எங்களுக்கு உச்சியில் நிற்கிற அதே சூரியன் அவருக்கு இன்னும் உதிக்கவே இல்லை. ஃபோனில் கோல் எடுத்தேன். இரண்டாவது அடிப்பில் எடுத்தார்.

"மகன், நான் பிழை விட்டுட்டன்," என்றேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மாமா, உங்கட கடையில துணி எடுத்தா நல்ல லாபம்போல. கடை திறக்க முந்திப் போய் வாசல்ல நிக்கிறன், இன்ஷா அல்லாஹ்."

அன்றைக்குப் பின்னேரம் மூன்றரைக்கு மெசேஜ் வந்தது. தங்கத்தை இன்னும் வெட்டவில்லையாம், மாற்றி எழுதிவிட்டார்களாம். நான் கடையிலேயே நெற்றியை நிலத்தில் வைத்து, நன்றிக்கான ஷுக்ருடைய ஸஜ்தா செய்தேன். துணி எடுக்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

நிகாஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மஹர் ஒரு மோதிரம் என்று சபையில் உரத்துச் சொன்னேன். பிறகு அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வாசல்படியோடு நின்றேன். உள்ளே பெண்களுக்கு நடுவில் மாப்பிள்ளை மோதிரத்தை மகளின் விரலில் ஏற்றினார். மோதிரம் மொளியில் ஒரு கணம் நிற்கிறதை நான் பார்த்தேன். மாப்பிள்ளை லேசாக ஒரு பக்கம் திருப்பினார். இறங்கியது.

மகள் கையைக் கீழே தொங்கவிட்டாள். விரல்களை விரித்தாள். ஒரு தரம் உதறினாள், எல்லோருக்கும் முன்னால், வெட்கத்தையும் மறந்து. பிறகு நிமிர்ந்து, அத்தனை பேரையும் தாண்டி வாசலில் நின்ற என்னைத் தேடிப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டினாள்.